பித்தளை விளக்கின் மெழுகும் சுவரின் கற்பூரக் கரியும் நீக்குதல்

மெழுகும் கற்பூரக் கரியும் தண்ணீரில் கரைவதில்லை. எனவே மெழுகை வெப்பத்தால் உருக்கியும், கரியை முதலில் உலர்ந்த நிலையிலும் எடுக்க வேண்டும்.

மின்வெட்டின்போது குத்துவிளக்கின் தட்டில் ஏற்றிய மெழுகுவத்தி உருகி உறைந்திருப்பதாகக் கொள்வோம். கத்தியால் சுரண்டினால் பித்தளையில் கீறல் விழும். மெழுகுவத்தி மெழுகு ஏறக்குறைய 60 பாகை செல்சியசில் உருகும். விளக்கின் பாகங்களைக் கழற்றி, கொதித்து இறக்கிய நீரில் ஐந்து நிமிடம் அமிழ்த்தி வைத்தால் மெழுகு மேலே மிதக்கும். அதைப் பழைய தாளால் ஒற்றி எடுத்த பிறகே பாகங்களைத் தூக்க வேண்டும். இல்லையேல் மெழுகு மீண்டும் ஒட்டிக்கொள்ளும். பிறகு சோப்பு நீரால் கழுவ வேண்டும். தண்ணீர் தெளிக்கும்போது முத்து முத்தாக நின்றால் மெழுகுப் படலம் இன்னும் உள்ளது என்று பொருள். அந்த இடத்தில் புளியின் அமிலம் உலோகத்தைத் தொடாது. எவ்வளவு தேய்த்தாலும் கறுப்புத் திட்டாகவே இருக்கும். படலம் நீங்கிய பின் புளியால் தேய்த்து, கழுவி, உடனே துடைக்க வேண்டும்.

சுவரை ஈரத்துணியால் துடைத்தால் நுண்ணிய கரித்துகள்கள் வண்ணத்துக்குள் இறங்கி, கறை பரவும். ஆகவே சற்றுக் கெட்டியாகப் பிசைந்த கோதுமை மாவு உருண்டையைக் கரியின்மேல் தேய்க்காமல் அழுத்தி எடுக்க வேண்டும். மாவு கறுத்ததும் மடித்துப் பிசைந்து புதுப்பக்கத்தைப் பயன்படுத்தலாம். எமல்ஷன் பூசிய சுவரில் எஞ்சிய கறையை நீர்த்த சோப்பு நீரால் துடைக்கலாம். சுண்ணாம்புச் சுவரை ஈரத்தோடு தேய்த்தால் பூச்சும் உதிர்ந்து வரலாம். அங்கு மறுபடி வெள்ளையடிப்பதே வழி.