இரண்டு அணா முதல் 21 ரூபாய் 90 காசு வரை

இந்தியாவில் பெட்ரோலுக்கு முதன்முதலாகக் கலால் வரி விதிக்கப்பட்டது 1917ல். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். ராணுவத்துக்கு எரிபொருள் தேவைப்பட்டது; சொந்த மோட்டார் வண்டி வைத்திருந்த சிலர் தங்கள் ஓட்டத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று அரசு நினைத்தது. அதற்காக வந்ததுதான் அந்த வரி. மக்கள் பெட்ரோலைக் குறைவாக வாங்க வேண்டும் என்பதே அந்த வரியின் நோக்கம்.

நூறு ஆண்டுகளில் நோக்கம் நேர் எதிராகத் திரும்பிவிட்டது. இன்று அரசுகள் இந்த வரியை நம்பியிருப்பதற்குக் காரணமே, விலை எவ்வளவு ஏறினாலும் மக்கள் வாங்குவதைக் குறைக்க மாட்டார்கள் என்பதுதான்.

அன்று: சாலைக்கு என்று சொல்லி வாங்கிய பணம்

போர் முடிந்த பிறகும் வரி போகவில்லை. 1927ல் அமைக்கப்பட்ட ஜெயகர் குழு, மோட்டார் வண்டிகளால் சாலைகள் தேய்கின்றன, ஆகவே சாலைச் செலவில் ஒரு பங்கை அவற்றின் எரிபொருளே தர வேண்டும் என்றது. 1929ல் காலனுக்கு 4 அணாவாக இருந்த வரி 6 அணா ஆயிற்று. கூடுதலாக வந்த 2 அணா தனியாகச் சாலை நிதியில் சேர்ந்தது. வரி கொடுத்தவருக்கு அது எங்கே போகிறது என்பது தெரிந்திருந்தது.

அடுத்த பத்தாண்டுக்குள் மாகாணங்களும் இதே பொருளின் மேல் கை வைத்தன. 1938ல் மத்திய மாகாணங்கள் - பேரார் அரசு, சில்லறையில் விற்கும் பெட்ரோலுக்கு 5 சதவீத விற்பனை வரி போட்டது. கலால் வரி எங்கள் உரிமை, நீங்கள் வேறு பெயரில் அதையே வாங்குகிறீர்கள் என்று மத்திய அரசு வாதிட்டது. புதிதாக அமைந்திருந்த ஃபெடரல் கோர்ட்டின் முதல் வழக்கே இதுதான். தலைமை நீதிபதி மாரிஸ் குவையர் தலைமையிலான அமர்வு மாகாணத்தின் பக்கம் தீர்ப்பளித்தது: பொருள் உற்பத்தியாகும்போது விதிப்பது கலால், அது விற்கப்படும்போது விதிப்பது வேறு வரி, இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். அடுத்த ஆண்டு சென்னை மாகாணமும் மோட்டார் ஸ்பிரிட் விற்பனைக்குத் தனிச் சட்டம் கொண்டுவந்தது.

இன்று பெட்ரோல் பங்க்கில் நாம் கொடுக்கும் தொகைக்குள் மத்திய அரசின் கலால் ஓர் அடுக்காகவும், மாநிலத்தின் மதிப்புக் கூட்டு வரி அதன்மேல் இன்னோர் அடுக்காகவும் இருப்பதற்கான வேர் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது.

இன்று: விலை அதே, உள்ளடக்கம் வேறு

வெகுகாலம் பெட்ரோல், டீசல் விலையை அரசே நிர்ணயித்தது. உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் ஏறினால் அந்தச் சுமையில் ஒரு பகுதியை அரசும் எண்ணெய் நிறுவனங்களும் தாங்க வேண்டியிருந்தது. 2010ல் பெட்ரோல் விலையும், 2014 அக்டோபரில் டீசல் விலையும் சந்தைக்கு விடப்பட்டன. டீசல் விடுவிக்கப்பட்ட சமயத்தில் கச்சா எண்ணெய் விலை ஏற்கெனவே சரிந்துகொண்டிருந்தது. அந்தச் சரிவு நுகர்வோரிடம் முழுமையாக வந்து சேரவில்லை. 2014 நவம்பர் முதல் 2016 ஜனவரி வரை ஒன்பது முறை கலால் உயர்ந்தது. சேர்த்துப் பார்த்தால் பெட்ரோலுக்கு லிட்டருக்கு 11 ரூபாய் 77 காசு, டீசலுக்கு 13 ரூபாய் 47 காசு.

டெல்லியில் இரண்டு நாள் விலைகளைப் பிரித்துப் பார்த்தால் நடந்தது விளங்கும். 2014 ஏப்ரல் தொடக்கத்தில் அங்கே ஒரு லிட்டர் பெட்ரோல் 72 ரூபாய் சொச்சம். அதில் மத்திய கலால் 9 ரூபாய் 48 காசு. 20 சதவீத மாநில வரி சுமார் 12 ரூபாய். அதாவது வரி ஏறத்தாழ 21 ரூபாய் 50 காசு. எண்ணெய்க்கும் போக்குவரத்துக்கும் பங்க் உரிமையாளரின் கமிஷனுக்கும் சேர்த்து 50 ரூபாய்க்குச் சற்று மேல்.

2020 மே மாதத்தில், பொது முடக்கத்தின் நடுவே, உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் அடிமட்டத்துக்கு வந்திருந்தது. டெல்லியில் பெட்ரோல் 71 ரூபாய் 26 காசு. எண்ணெய் நிறுவனத்தின் விலை 17 ரூபாய் 96 காசு. போக்குவரத்து 32 காசு. கமிஷன் 3 ரூபாய் 56 காசு. மத்திய கலால் 32 ரூபாய் 98 காசு. இவை நான்கையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையின் மேல் 30 சதவீத மாநில வரி 16 ரூபாய் 44 காசு. கலாலுக்கும் சேர்த்தே மாநில வரி கணக்கிடப்படுவதைக் கவனிக்க வேண்டும். இது வரியின் மேல் வரி. மொத்த வரி 49 ரூபாய் 42 காசு.

வண்டியில் பெட்ரோல் போட்டவருக்கு ஆறு ஆண்டுகளில் ஏதும் மாறியதாகத் தெரிந்திருக்காது. 72 இருந்தது, 71 ஆயிற்று. உள்ளே வரி இரண்டு மடங்குக்கும் மேல் வளர்ந்திருந்தது.

ஏன் இந்த வரி தப்பாமல் வருகிறது?

முதல் காரணம், வசூலிக்கும் இடங்கள் மிகக் குறைவு. ஜிஎஸ்டியில் பதிவு செய்தவர்கள் ஒரு கோடிக்கும் மேல். ஒவ்வொருவரின் கணக்கையும் பார்க்க வேண்டும். எரிபொருளில் கலால் வரி, சுத்திகரிப்பு ஆலையை விட்டுச் சரக்கு வெளியேறும்போதே கணக்காகிவிடுகிறது. நாட்டில் இருக்கும் ஆலைகள் சுமார் இரண்டு டஜன். தமிழ்நாட்டில் மாநில வரியும் முதல் விற்பனையிலேயே விழுகிறது. பெரும்பாலும் மூன்று பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள்தான் அதைக் கட்டுகின்றன. பங்க்குக்கு டேங்கர் லாரி வந்து சேரும்போது வரி ஏற்கெனவே விலைக்குள் இருக்கிறது. ரசீது போடாமல் விற்று வரியைத் தவிர்க்கும் வழி அங்கே அடைபட்டுவிடுகிறது.

இரண்டாவது காரணம், வாங்குபவருக்கு மாற்று இல்லை. நாட்டில் விற்கும் பெட்ரோலில் பாதிக்கு மேல் இருசக்கர வாகனங்களுக்குப் போகிறது. பேருந்து வராத ஊரிலிருந்து வேலைக்குப் போகிறவர், விலை 5 ரூபாய் ஏறியது என்று வேலைக்குப் போகாமல் இருக்க முடியாது. டீசலில் லாரி ஓடுகிறது, டிராக்டர் ஓடுகிறது. லாரிக்காரர் வாடகையை ஏற்றுவார்; அது அரிசி விலையிலும் வெங்காய விலையிலும் கரையும். வண்டியே இல்லாதவரும் அப்படி இந்த வரியைக் கட்டிவிடுகிறார்.

மூன்றாவது, வரி கணக்கிடும் முறை. கலால் என்பது லிட்டருக்கு இத்தனை ரூபாய் என்ற நிலையான தொகை. கச்சா எண்ணெய் பாதியாகக் குறைந்தாலும் அந்த ரூபாய் குறையாது. மாநிலங்கள் சதவீதமாக வாங்கியதால் விலை விழும்போது அவற்றின் வருவாயும் விழுந்தது. 2020 மே மாதத்தில் தமிழ்நாடு இதைச் சரிசெய்துகொண்டது. பெட்ரோலுக்கு இருந்த 34 சதவீதத்தை எடுத்துவிட்டு, 15 சதவீதமும் அதோடு லிட்டருக்கு 13 ரூபாய் 2 காசும் என்று மாற்றியது. வரிக்கு முந்தைய விலை 60 ரூபாயிலிருந்து 50 ஆக இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய முறையில் மாநிலத்துக்கு லிட்டருக்கு 3 ரூபாய் 40 காசு இழப்பு. புதிய முறையில் 1 ரூபாய் 50 காசு மட்டுமே. 2021 ஆகஸ்ட் பட்ஜெட்டில் பெட்ரோல் வரி லிட்டருக்கு 3 ரூபாய் குறைக்கப்பட்டபோது இரண்டு பகுதிகளும் குறைந்தன: 13 சதவீதமும் 11 ரூபாய் 52 காசும் ஆயின. கலப்பு முறை அப்படியே நின்றது. அந்த 3 ரூபாய்க்கு ஆண்டுக்கு 1,160 கோடி ரூபாய் இழப்பாகும் என்று அரசு கணக்குச் சொன்னது.

இந்த மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை 2020-21 காட்டியது. அந்த ஆண்டு டீசல் விற்பனை முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைந்தது, பெட்ரோலும் குறைந்தது. ஆனால் பெட்ரோலியப் பொருள்களில் மத்திய அரசுக்குக் கிடைத்த கலால் சுமார் 2.23 லட்சம் கோடியிலிருந்து 3.73 லட்சம் கோடியாக உயர்ந்தது. தொழில்கள் முடங்கிய ஆண்டில் இப்படித் தந்த வரியை எந்த நிதி அமைச்சரும் எளிதில் விடமாட்டார். ஜிஎஸ்டி 2017ல் வந்தும் பெட்ரோலும் டீசலும் இன்றுவரை அதற்கு வெளியே நிற்பதன் காரணம் இதுவே. உள்ளே வந்தால், நினைத்த மாத்திரத்தில் விகிதத்தை மாற்றும் உரிமை மத்திய, மாநில அரசுகள் இரண்டின் கையையும் விட்டுப் போகும்.

நிலையான வருவாயின் விலை

இந்த வரிக்கும் ஓட்டைகள் உண்டு. மாநில வரி எல்லையில் கசியும். புதுச்சேரியில் விலை குறைவு என்பதால் பக்கத்து ஊர்க்காரர்கள் அங்கே போய் டேங்க்கை நிரப்புகிறார்கள். வரி கூடக் கூடக் கலப்படத்துக்கும் ஆசை கூடும். ஆனால் இவை ஓரத்தில் நடப்பவை. கவலைக்குரியது வேறு.

1929ன் இரண்டு அணாவுக்கு வாரிசாக இன்றும் சாலை செஸ் இருக்கிறது. 2018 பட்ஜெட்டில் அது புது வடிவம் எடுத்தது. பெட்ரோலின் அடிப்படைக் கலாலில் 2 ரூபாய் குறைத்தார்கள். 6 ரூபாயாக இருந்த சாலை வரியை நீக்கி 8 ரூபாய் செஸ் கொண்டுவந்தார்கள். பங்க்கில் ஒரு காசும் மாறவில்லை. ஆனால் அடிப்படைக் கலால் மாநிலங்களோடு பகிர வேண்டிய பணம். செஸ் பகிர வேண்டாத பணம். 2025 ஏப்ரல் நிலவரப்படி பெட்ரோலின் மத்திய வரி 21 ரூபாய் 90 காசு. அதில் அடிப்படைக் கலால் 1 ரூபாய் 40 காசு மட்டும். 15வது நிதிக் குழு சொன்ன 41 சதவீதப்படி எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து 57 காசு. தமிழ்நாட்டின் பங்கு 4.079 சதவீதம், லிட்டருக்கு இரண்டேகால் காசுக்குச் சற்று மேல். மீதிக்கு மாநிலம் தன் சொந்த வரியைத்தான் நம்ப வேண்டும். மத்திய வரியைக் கண்டிக்கிற மாநிலமும் தன் வரியைக் குறைக்கத் தயங்குவது இதனால்தான்.

எரிபொருளுக்கு வரியே கூடாது என்பது என் வாதமல்ல. புகைக்கும் சாலைத் தேய்மானத்துக்கும் அதை எரிப்பவர் விலை கொடுப்பது நியாயம். ஆனால் கச்சா எண்ணெய் இறங்கும்போது வரியை ஏற்றுவதற்குக் கையாண்ட வேகம், ஏறும்போது வரியை இறக்குவதில் இருந்ததில்லை. 2020 மே மாத உயர்வு முழுவதும் இறங்க 2022 மே வரை ஆயிற்று. எந்த விலையில் எவ்வளவு வரி என்று முன்கூட்டியே எழுதிவைத்த விதி ஒன்று வேண்டும். ஒவ்வொரு ரசீதிலும் மத்திய வரி, மாநில வரி, செஸ் மூன்றையும் தனித்தனியே அச்சிட வேண்டும்.

இதைச் செய்வதற்கான காலமும் நீளமானதல்ல. மின்சார ஸ்கூட்டர் வாங்கும் ஒவ்வொருவரும் இந்த வரியிலிருந்து சட்டப்படியே வெளியேறுகிறார். முதலில் வெளியேறுபவர் புது வண்டி வாங்க வசதியுள்ளவர்; பழைய வண்டியோடு இருப்பவர்தான் கடைசி வரை கட்டுவார். பெட்ரோல் வருவாய் சுருங்கத் தொடங்கிய பின் விகிதத்தை ஏற்றி ஈடுகட்ட முயன்றால், அந்தச் சுமை முழுவதும் அவர் தலையில்தான் விழும்.