படம் சொல்லும் சர்க்கரை – 7: சர்க்கரையைக் கொடுக்கச் சொல்லும் படம்

சென்ற வாரம் வரை நாம் பார்த்த படங்கள் எல்லாம் ஒரே திசையில் போயின. தட்டில் சோற்றைக் குறை, காய்கறியைக் கூட்டு, டீயில் சர்க்கரை போடாதே என்று சொல்லி, சிவப்பில் பெருக்கல் குறி போட்ட சர்க்கரை டப்பாவும் ஜிலேபியும் திரும்பத் திரும்ப வந்தன. இந்த வாரப் படம் அவற்றுக்கு நேர் எதிராகப் பேசுகிறது. வியர்த்துப்போய் உட்கார்ந்திருக்கும் ஒரு பாட்டிக்கு உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடு என்கிறது. நீரிழிவு பற்றிய பட அட்டைத் தொகுப்பில் வரைவதற்கு மிகக் கடினமானது இதுதான். பார்த்தவர் சில நிமிடங்களுக்குள் செய்து முடிக்க வேண்டிய வேலையைச் சொல்வதும் இதுதான்.

சுகர் ஏறுவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அது இறங்குவதைப் பற்றி, மாத்திரை சாப்பிடுகிறவர் வீட்டிலேயே பலருக்குத் தெரிவதில்லை. ரத்தத்தில் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் அது தாழ்சர்க்கரை. 54-க்குக் கீழே போனால் மூளை தடுமாறத் தொடங்கும் ஆபத்தான நிலை. மூளை தன் வேலைக்குப் பெரும்பாலும் ரத்தத்தில் வரும் குளுக்கோஸையே நம்பியிருக்கிறது. அது குறைந்ததும் உடம்பு முதலில் எச்சரிக்கிறது: வியர்வை, கைநடுக்கம், படபடப்பு, அடங்காத பசி. அந்த எச்சரிக்கையைக் கவனிக்காமல் விட்டால் அடுத்தது மூளை. பேச்சு குழறும், கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் வரும், காரணமில்லாமல் கோபம் வரும். பிறகு வலிப்பு வரலாம், நினைவு தப்பலாம்.

எல்லா மருந்தும் இதைச் செய்வதில்லை. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்குச் சர்க்கரை இப்படிச் சரிவது அரிது. இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கும், கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரைகள் சாப்பிடுபவர்களுக்கும்தான் இது அடிக்கடி நேர்கிறது. இந்த மாத்திரைகள் கணையத்தை உசுப்பி இன்சுலினைச் சுரக்க வைக்கின்றன. சாப்பாடு வந்ததா இல்லையா என்று அவை பார்ப்பதில்லை. இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களுக்கே இது முதல் நாளிலிருந்து தெரியும். 1922 ஜனவரியில் டொரொன்டோவில் லெனார்ட் தாம்சன் என்ற சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போடப்பட்டது. அங்கே ஆய்வுக்கூடத்து முயல்களுக்கு மருந்து கூடிப்போனபோது அவை வலிப்பு வந்து விழுந்தன. குளுக்கோஸ் ஏற்றியதும் எழுந்துகொண்டன. மருந்து பிறந்தபோதே அதற்கான முறிவும் கூடப் பிறந்துவிட்டது. அந்த முறிவு நம் எல்லோர் சமையலறையிலும் ஒரு டப்பாவில் இருக்கிறது.

இப்போது படத்துக்கு வருவோம். கிராமத்துத் திண்ணையில் காட்டும் ஃபிளிப் சார்ட்டாக இருந்தாலும், சமுதாயக்கூடத்துத் திரையில் விழும் ஸ்லைடாக இருந்தாலும், இந்தச் செய்தி ஒரே படத்தில் அடங்காது. நான்கு கட்டங்கள் வேண்டும்.

முதல் கட்டத்தில் காலை ஏழு மணி. அறுபது வயதைத் தாண்டிய பாட்டி மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு, வெறும் டீயைக் குடித்துவிட்டு மண்வெட்டியோடு நூறு நாள் வேலைக்குக் கிளம்புகிறார். பக்கத்தில் மூடிய சோற்றுப் பானை. இந்தக் கட்டத்தை விட்டுவிடுகிற தொகுப்புகள் நிறைய உண்டு. அது பெரிய குறை. மயங்கியவரை எழுப்புவது எப்படி என்று மட்டும் காட்டினால், ஏன் மயங்கினார் என்பது விளங்காது. அடுத்த வாரமும் அவர் சாப்பிடாமலே கிளம்புவார். மாத்திரை ஒரு பக்கம், தொடாத சாப்பாடு மறுபக்கம் என்று இரண்டும் ஒரே பார்வையில் படவேண்டும்.

இரண்டாவது கட்டம் பத்தரை மணி. வேலை நடக்கும் இடத்தில் பாட்டி கரையில் உட்கார்ந்துவிட்டார். நெற்றியிலும் கழுத்திலும் வியர்வை, கை நடுங்குகிறது. நடுக்கத்தைக் காட்ட ஓவியர்கள் கையைச் சுற்றி வளைகோடுகள் போடுவார்கள். சித்திரக்கதை படித்து வளர்ந்தவர்களுக்கு அது நடுக்கம்; படிக்காதவர்களுக்கு அது வளையலாகவோ புகையாகவோ தெரியும். அதனால் கோட்டை நம்பாமல், பாட்டி பிடித்திருக்கும் டம்ளரிலிருந்து தண்ணீர் சிந்துவதாக வரைவது மேல். சிந்துவதைப் பார்த்தால் கை நடுங்குகிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். வியர்வையை வெயிலின் கணக்கில் சேர்த்துவிடும் ஆபத்தும் இருக்கிறது. அதைத் தவிர்க்கப் பாட்டியை மரநிழலில் உட்கார வைத்து, பக்கத்தில் நிற்கும் பெண்ணை வியர்வையில்லாமல் வரைய வேண்டும். நிழலில் இருக்கும்போதும் இவருக்கு மட்டும் ஏன் வியர்க்கிறது என்ற கேள்வி அப்போதுதான் எழும்.

மூன்றாவது கட்டத்தில்தான் சிக்கலே. பக்கத்துப் பெண் ஒரு டம்ளர் தண்ணீரில் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் கொடுக்கிறாள். ஏற்கெனவே ஐந்தாறு அட்டைகளில் சிவப்புக் குறியோடு சர்க்கரையைப் பார்த்தவர், இதையும் ‘கொடுக்காதே’ என்றே வாசிப்பார். குறியைக் கவனிக்காதவரோ, ‘மயக்கம் வந்தால் சர்க்கரை சாப்பிடலாம், அப்படியானால் மற்ற நாளும் கொஞ்சம் சாப்பிடலாம்’ என்று எடுத்துக்கொள்வார். பச்சை நிற டிக் போடுவதால் மட்டும் இது தீராது; டிக்கும் பெருக்கல் குறியும் பள்ளிக்கூடம் போனவர்களின் வழக்கம். வழி என்னவென்றால், இந்த அட்டையில் சர்க்கரை டப்பாவைத் தனியாக வரையவே கூடாது. வியர்க்கும் பாட்டி, கரைக்கும் கை, குடிக்கும் வாய் மூன்றும் ஒரே சட்டத்துக்குள் இருக்க வேண்டும். அப்போது சர்க்கரை அந்த நிலைமையோடு கட்டுண்டு கிடக்கும். பார்ப்பவர் அதைப் பிரித்துக்கொண்டு போக முடியாது.

நான்காவது கட்டம் கால் மணி நேரம் கழித்து. பாட்டி நிமிர்ந்து உட்கார்ந்து இட்லி சாப்பிடுகிறார். இந்தப் பதினைந்து நிமிடத்தைக் கடிகாரம் வரைந்து காட்டுவதைவிட, அட்டையைக் காட்டுபவர் வாயால் சொல்வதே நல்லது. குடித்த உடனேயே தெளியவில்லை என்று பதறி அரை டப்பா சர்க்கரையைக் கரைத்துக் கொடுப்பவர்கள் உண்டு. பதினைந்து நிமிடம் பொறுக்க வேண்டும். அப்போதும் நடுக்கம் நிற்காவிட்டால் இன்னொரு முறை அதே மூன்று ஸ்பூன். தெளிந்ததும் சாப்பாடு கொடுக்க வேண்டும். சர்க்கரைத் தண்ணீர் ஏற்றிய அளவு விரைவில் இறங்கிவிடும், இட்லியோ சோறோதான் அதைத் தாங்கிப் பிடிக்கும்.

மூன்று ஸ்பூன் என்பது ஏறக்குறைய 15 கிராம். அது சர்க்கரையைச் சுமாராக 40, 50 மில்லிகிராம் உயர்த்தும். குளுக்கோஸ் பொடி இருந்தால் இன்னும் விரைவு. நாட்டுச் சர்க்கரையும் வெல்லமும் வேலை செய்யும், ஆனால் கட்டி வெல்லம் கரைய நேரமாகும். சாக்லேட், பால், பிஸ்கட் வேண்டாம். அவற்றிலுள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். ஒரு விதிவிலக்கைச் சொல்லியே ஆகவேண்டும். வோக்ளிபோஸ், அகார்போஸ் என்ற மாத்திரைகளை மற்றவற்றோடு சேர்த்துச் சாப்பிடுபவருக்கு வீட்டுச் சர்க்கரை குடலில் எளிதில் உடையாது. அவருக்குக் குளுக்கோஸ் பொடிதான். அவர் வீட்டில் ஒரு பொட்டலம் எப்போதும் இருக்க வேண்டும்.

இந்த அட்டையைக் காட்டும்போது கூட்டத்தில் யாராவது தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “சுகர் ஏறித்தான் மயக்கம் வந்திருந்தா? நாம சர்க்கரையைக் கொடுத்து இன்னும் கெடுத்துட மாட்டோமா?” நியாயமான பயம். கையில் சுகர் பார்க்கும் கருவி இருந்தால் ஒரு சொட்டு ரத்தத்தில் பார்த்துவிடலாம். இல்லையென்றால், நினைவோடு இருப்பவருக்குக் கொடுத்துவிடுவதுதான் சரி. ஏற்கெனவே 300 இருப்பவருக்கு அது 350 ஆனால் அந்த ஒரு நாளில் பெரிய கெடுதல் நேர்ந்துவிடாது. 45 இருப்பவருக்குக் கொடுக்காமல் விட்டால் உயிரே போகலாம். ஏற்றம் பெரும்பாலும் நாள்கணக்கில் மெதுவாக வரும். தாகமும் அடிக்கடி சிறுநீரும் முன்னால் வரும். இறக்கம் நிமிடக்கணக்கில் வரும், வியர்வையோடு வரும். திடீரென்று வந்தது, வியர்த்தது, சாப்பிட்டு நேரமாகிவிட்டது என்ற மூன்றும் சேர்ந்தால் யோசிக்க வேண்டாம்.

நினைவு தப்பியவருக்கு மட்டும் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. தண்ணீர் மூச்சுக்குழலில் இறங்கிவிடும். அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழைக்க வேண்டும். இதற்குத் தனி அட்டை போடுவதே நல்லது. ஒரே அட்டையில் ‘கொடு’, ‘கொடுக்காதே’ இரண்டையும் நெருக்கினால் அவசரத்தில் எது நினைவுக்கு வரும் என்று சொல்ல முடியாது.

மாத்திரையால் சர்க்கரை இறங்கியவர் தெளிந்து எழுந்துவிட்டார் என்பதற்காக அன்றைக்கு விட்டுவிடவும் முடியாது. கிளிபென்கிளமைடு போன்றவை உடம்பில் நெடுநேரம் தங்கும். வயதானவர்களுக்கும் சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும் ஒரு நாள் கழித்துக்கூடச் சர்க்கரை மறுபடி சரியலாம். அன்றே மாத்திரை அட்டையோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். மருந்தைக் குறைப்பதா, நேரத்தை மாற்றுவதா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். பயந்துபோய்த் தாமாகவே மாத்திரையை நிறுத்திவிடுபவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. அந்தப் பயத்தை உண்டாக்காமல் அட்டையைக் காட்டுவதும் சுகாதாரப் பணியாளரின் வேலை. இரவில் வேட்டியோ சேலையோ நனையும் அளவுக்கு வியர்த்து, காலையில் தலைவலியோடு எழுகிறவர்களுக்கும் இதே சந்தேகம் வரவேண்டும். வெறும் வயிற்றில் மது அருந்துபவர்களை அக்கம்பக்கத்தார் ‘குடிச்சிட்டு உளறுறான்’ என்று விட்டுவிடுவதால் சிலர் பிழைக்காமல் போகிறார்கள். மது, ஈரல் சர்க்கரையை வெளிவிடுவதையே தடுத்துவிடுகிறது.

அட்டை புரிந்ததா என்று அறிய, ‘புரிஞ்சுதா?’ என்று கேட்பதால் பயனில்லை, எல்லோரும் தலையாட்டுவார்கள். நான்கு கட்டங்களையும் கலைத்து ஒருவர் கையில் கொடுத்து, வரிசையாக அடுக்கிக் கதையைச் சொல்லச் சொல்ல வேண்டும். பாட்டி ஏன் விழுந்தார் என்று அவர் சொல்லும் காரணத்தில் சாப்பிடாதது வரவில்லையென்றால், குறை அவரிடம் இல்லை. முதல் கட்டத்தின் வரைபடத்தை மாற்ற வேண்டும்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. மாத்திரை வரும் கையோடு இந்தப் படமும் வரவேண்டும். உங்கள் வீட்டில் யாராவது இன்சுலினோ இந்த மாத்திரைகளோ எடுத்துக்கொண்டால், இன்றே மாத்திரை அட்டையில் மருந்தின் பெயரைப் படித்துப் பாருங்கள். பெயர் விளங்காவிட்டால், ‘இது சர்க்கரையை ரொம்ப இறக்குமா?’ என்று அடுத்த முறை வரும் சுகாதாரப் பணியாளரிடமோ மருத்துவரிடமோ கேளுங்கள். வேலைக்குப் போகும் அவர்களுடைய பையில் மூன்று ஸ்பூன் சர்க்கரையை ஒரு காகிதத்தில் மடித்து வைத்து, அது எதற்கு என்று கூட வேலை செய்பவர்களிடமும் சொல்லி வையுங்கள்.

(தொடரும்)