துக்கத்தால் நின்ற கல்யாணம்: மண்டப அட்வான்ஸைக் கேட்பது எப்படி?

ஒன்றரை லட்சம் ரூபாய் வாடகைக்குத் தை முகூர்த்தத்தில் மண்டபம் பேசி, 50,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். முகூர்த்தத்துக்கு 40 நாள் இருக்கும்போது பெண்ணின் அப்பா இறந்துவிடுகிறார். கல்யாணத்தைத் தள்ளிப்போடுவதென்று இரு வீட்டாரும் முடிவெடுக்கிறார்கள்.

இங்கேதான் பணம் கைவிட்டுப் போகிறது. "பதினாறாம் நாள் காரியம் முடியட்டும், பிறகு மண்டபத்துக்குச் சொல்லிக்கொள்ளலாம்" என்று இருந்துவிடுவார்கள். ரசீதின் பின்பக்கத்திலோ இப்படி ஒரு நிபந்தனை இருக்கும்: "30 நாட்களுக்கு முன் ரத்து செய்தால் அட்வான்ஸில் பாதி திருப்பித் தரப்படும். அதன்பின் ரத்து செய்தால் திருப்பித் தரப்படமாட்டாது." காரியம் முடியும்போது மிச்சம் 24 நாள்தான். பாதிப் பணமும் போயிற்று.

அதனால் இரண்டு மூன்று நாளுக்குள் சித்தப்பாவோ மாமாவோ மண்டப மேனேஜருக்கு வாட்ஸ்அப்பில் தகவல் அனுப்பிவிட வேண்டும். போனில் சொன்னதற்குச் சாட்சி இருக்காது. பிறகு டெலிவரிச் சான்றுடன் ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்பலாம். அதில் துக்கத்தை ஒரு வரியில் சொல்லிவிட்டு நிபந்தனைக்கு வந்துவிடுங்கள்:

"உங்கள் ரசீதின் 6-வது நிபந்தனைப்படி, 30 நாட்களுக்கு முன் ரத்து செய்தால் அட்வான்ஸில் பாதி திரும்பக் கிடைக்கும். நாங்கள் 38 நாட்களுக்கு முன்பே தெரிவித்துவிட்டோம். எனவே 25,000 ரூபாயை 15 நாட்களுக்குள் தரவும். அதே தேதிக்கு மண்டபம் வேறொருவருக்குப் போனால் மீதியையும் தரும்படி கேட்டுக்கொள்கிறோம். ரசீது, இறப்புச் சான்றிதழ் நகல்கள் இணைக்கப்பட்டுள்ளன."

"எக்காரணம் கொண்டும் அட்வான்ஸ் திரும்பத் தரப்படமாட்டாது" என்றே அச்சிட்டிருந்தால்? அப்போதும் கேட்க இடமுண்டு. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவுப்படி, ஒப்பந்தம் முறிந்தால் மறுதரப்புக்குக் கிடைப்பது நியாயமான இழப்பீடுதான். எழுதிவைத்த தொகை அதன் உச்சவரம்பு மட்டுமே. அதே முகூர்த்தத்துக்கு அதே வாடகையில் வேறு கல்யாணம் நடந்திருந்தால் மண்டபத்துக்குப் பெரிய நஷ்டமில்லை. ஆகவே அன்றைக்கு அங்கே என்ன விசேஷம் நடந்தது என்று விசாரித்து, வாசல் பேனரைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மண்டபம் காலியாகவே கிடந்தால் நிலைமை வேறு. வீட்டில் துக்கம் என்பதாலேயே சட்டப்படி பணம் திரும்பிவிடாது. மண்டபக்காரரின் நஷ்டமும் நிஜமானது. அப்போது அட்வான்ஸை வேறு தேதிக்கு மாற்றித் தரக் கேட்பதே நடைமுறைக்கு ஒத்த வழி. எத்தனை மாதத்துக்குள், எந்த வாடகையில் என்பதை எழுதி வாங்காவிட்டால் பிறகு வாடகை ஏறிவிட்டது என்பார்கள்.

கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தர வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது.

இனி மண்டபம் பேசப்போகிறவர்கள், அட்வான்ஸை எண்ணிக் கொடுக்குமுன் ரசீதின் பின்பக்கத்தைப் படியுங்கள். நெருங்கிய உறவினர் இறந்தால் எவ்வளவு திரும்பும் என்று அதிலேயே ஒரு வரி எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.