1,000 பேரிங் ஸ்டாக்கில் இருந்தும் தட்டுப்பாடு ஏன்? 'லாட் சைஸ்' கணக்கு ஓர் எளிய விளக்கம்

கோவையில் ஒரு பம்ப்செட் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 12,000 பேரிங் தேவை. மொத்தமாக வாங்கிப் போட்டால் பணம் குடோனில் முடங்கும். அப்பப்போ வாங்கினால் லாரி வாடகை, பில் வேலை, தரப் பரிசோதனை என்று ஒவ்வொரு தடவையும் செலவு. அப்போ ஒரு தடவைக்கு எத்தனை வாங்கணும்? இந்த எண்ணிக்கைதான் 'லாட் சைஸ்'.

1913-ல் வந்த விடை

ஃபோர்டு விட்மன் ஹாரிஸ் என்ற அமெரிக்க இன்ஜினீயர் 1913-ல் இதற்கு ஒரு ஃபார்முலா கொடுத்தார். இன்றைக்கு அதை 'ஈ.ஓ.க்யூ' என்கிறார்கள். தமிழில் சிக்கன கொள்முதல் அளவு எனலாம்.

```
EOQ = √(2 × D × S / H)
```

D என்பது வருஷத் தேவை: 12,000. S என்பது ஒரு ஆர்டர் போட ஆகும் செலவு: ₹1,000 என்போம். H என்பது ஒரு பேரிங்கை ஒரு வருஷம் வைத்திருக்கும் செலவு. விலை ₹120, அதில் வட்டி, குடோன் எல்லாம் சேர்த்து 20% என்றால் ₹24. விடை 1,000.

மாதம் ஒரு ஆர்டர் வீதம் 12 ஆர்டருக்கு ₹12,000. சராசரி ஸ்டாக் 500, அதற்கு ₹12,000. மொத்தம் ₹24,000. இதையே 500, 500-ஆக வாங்கினால் ₹30,000 ஆகும். 2,000 வீதம் வாங்கினாலும் அதே ₹30,000.

ஆனால் 1,200 வீதம் வாங்கினால்? ₹24,400 மட்டும்தான். அதாவது அளவு 20% கூடியும் செலவு 2%-கூட ஏறவில்லை. அதனால் சப்ளையர் "பெட்டிக்கு 300, பெட்டியாத்தான் தருவோம்" என்றால் தாராளமாக 1,200 வாங்கலாம். ஃபார்முலா சொன்ன எண்ணில் அப்படியே நிற்க வேண்டியதில்லை.

சிக்கல் எங்கே?

இந்த ஃபார்முலா, தேவை தினமும் ஒரே சீராக வரும் என்று நினைத்துக்கொள்கிறது. நிஜத்தில் அப்படி வராது. பம்ப் அசெம்பிளி பேட்ச் பேட்ச்சாக ஓடும், பேரிங்கும் அதே மாதிரிதான் தேவைப்படும். அடுத்த 6 வாரத் தேவை இப்படி என்று பாருங்கள்: முதல் வாரம் 400, நாலாவது வாரம் 1,100, ஆறாவது வாரம் 300. நடுவில் எதுவும் இல்லை.

யாரோ ஒருவர் எப்போதோ கணக்குப் போட்டு, பிளானிங் சாஃப்ட்வேரில் 1,000 என்று நிரந்தர அளவாக டைப் செய்துவிட்டுப் போயிருக்கிறார். முதல் வாரம் 1,000 வருகிறது, 600 மீதி. அந்த 600 மூணு வாரம் சும்மா கிடக்கிறது. நாலாவது வாரம் 1,100 கேட்கும்போது அது பத்தவில்லை. மறுபடி 1,000 வாங்கியே ஆகணும். அந்த ஆர்டர் லேட் ஆனால் ஸ்டாக் இருந்தும் லைன் நிற்கும்.

ஒரு பேரிங்கை ஒரு வாரம் வைத்திருக்க சுமார் 46 பைசா. அந்தக் கணக்கில் 2 ஆர்டருக்கு ₹2,000, ஸ்டாக்குக்கு ₹1,380, மொத்தம் ₹3,380. கடைசியில் 200 பேரிங் மீதி வேறு.

வேற வழி இருக்கா?

தேவைப்படும்போது தேவையான அளவு மட்டும் வாங்கலாம். இதற்குப் பேர் 'லாட் ஃபார் லாட்'. 400, 1,100, 300 என்று 3 ஆர்டர், ₹3,000. மீதி இல்லை.

அதைவிட நல்ல வழி, முதல் வாரம் 400 வாங்கிவிட்டு, நாலாவது வாரத்திலேயே ஆறாவது வாரத்துக்கும் சேர்த்து 1,400 வாங்குவது. 300 பேரிங்கை 2 வாரம் வைத்திருக்க ₹276 ஆகிறது; தனியாக ஒரு ஆர்டர் போட்டால் ₹1,000 ஆகும். ஆக மொத்தம் ₹2,276. 'அடுத்த தேவையையும் இப்பவே சேர்த்தா லாபமா?' என்று ஒவ்வொரு தடவையும் பார்ப்பதுதான் இதன் சூத்திரம்.

நிரந்தர பேட்ச் தப்பா?

தப்பில்லை. ஹீட் ட்ரீட்மென்ட் ஃபர்னஸ் ஒரு லோடுக்கு 250 பீஸ் என்றால், 180-க்காக அதைப் பற்றவைத்தாலும் கிட்டத்தட்ட அதே செலவுதான். அங்கே 250-தான் சரி. அளவை மெஷினோ பெட்டியோ தீர்மானிக்கும் இடத்தில் நிரந்தர பேட்ச் பொருந்தும். பழைய ஃபார்முலா விடையை நிரந்தரமாக்கினால்தான் வம்பு.

எப்படிக் கண்டுபிடிப்பது?

எஸ்.ஏ.பி. பயன்படுத்துபவர்கள் மெட்டீரியல் மாஸ்டரில் `MRP 1` பக்கத்தைத் திறந்து பாருங்கள். லாட் சைஸ் இடத்தில் `FX` என்றிருந்தால் நிரந்தர அளவு, `EX` என்றால் லாட் ஃபார் லாட். `FX` இருக்கும் பொருளுக்கு, புது சரக்கு வருவதற்கு முந்தின நாள் கையிருப்பு எவ்வளவு என்று கடைசி சில தடவைக்கும் பாருங்கள். பாதுகாப்புக்கென்று ஒதுக்கிய ஸ்டாக்கைத் தாண்டி ஒவ்வொரு தடவையும் பெரிய மீதி நின்றால், அந்த எண்ணை யார், எப்போது, எந்த விலையை வைத்துப் போட்டார்கள் என்று கேளுங்கள். வட்டியோ லாரி வாடகையோ அதற்குள் மாறியிருக்கும்.