நடுவில் அச்சு, முனையில் சுருள்வில்

ஒரே சீரான கோல் ஒன்று, நடுப்புள்ளியில் துளையிடப்பட்டு மெல்லிய அச்சில் மாட்டப்பட்டிருக்கிறது. தராசின் கோலைப் போல அது கிடைமட்டமாக நிற்கிறது. அதன் ஒரு முனையில் சுருள்வில்லின் ஒரு நுனி கோக்கப்பட்டிருக்கிறது; மறுநுனி மேலே அசையாத ஒரு தாங்கியில் மாட்டப்பட்டிருக்கிறது. அந்த முனையைச் சற்றே கீழே இழுத்து விட்டால் கோல் மேலும் கீழும் ஆடத் தொடங்கும். ஒரு நொடியில் அது எத்தனை முறை ஆடும் என்பதே கேள்வி. கோலின் நிறை, கோலின் நீளம், வில்லின் விறைப்பு ஆகிய மூன்றும் விடையில் வரும் என்று முதல் பார்வையில் தோன்றும். ஆனால் கணக்கு முடியும்போது அவற்றில் ஒன்று காணாமல் போய்விடுகிறது.

கோலின் நீளம் L, நிறை M, வில்லின் சுருள் மாறிலி k என்று கொள்ளலாம். சுருள் மாறிலி என்பது வில்லை ஒரு மீட்டர் நீட்ட எத்தனை நியூட்டன் விசை வேண்டும் என்பதன் அளவு. நீட்சிக்கு ஏற்ற விகிதத்தில் விசை கூடும் என்ற விதியை ராபர்ட் ஹூக் 1678இல் வெளியிட்டார். இங்கே எல்லாம் அதன்மேல்தான் நிற்கிறது. கோல் θ என்ற சிறு கோணம் திரும்பினால், அச்சிலிருந்து L/2 தொலைவில் உள்ள முனை (L/2)θ அளவு நகரும். வில் அதே அளவு நீளும். ஆகவே அதன் விசை k(L/2)θ. இந்த விசை கோலைத் திருப்புவதும் L/2 நீளமுள்ள கையின் வழியாகத்தான். எனவே கோலைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் திருப்பு விசை k(L/2)²θ, அதாவது kL²θ/4. L/2 இங்கே இருமுறை வருகிறது: வில் எவ்வளவு நீள்கிறது என்பதற்காக ஒரு முறை, அந்த இழுப்பு எவ்வளவு தொலைவிலிருந்து திருப்புகிறது என்பதற்காக இன்னொரு முறை. மாணவர்கள் இவற்றில் ஒன்றை விட்டுவிடுவது வழக்கம். விட்டால் அலகுகளே பொருந்தாமல் போய்த் தவறைக் காட்டிக்கொடுத்துவிடும்.

திருப்பு விசைக்குக் கோல் காட்டும் எதிர்ப்பே நிலைமத் திருப்புத்திறன். அச்சுக்கு அருகிலுள்ள துகள்கள் ஏறக்குறைய அசைவதே இல்லை. முனைக்கு அருகிலுள்ளவையே வேகமாகப் பாய்கின்றன. ஒவ்வொரு துகளும் தன் தொலைவின் இருமடி அளவுக்குக் கணக்கில் சேர்கிறது. கோல் முழுவதும் அந்த இருமடிகளின் சராசரியை எடுத்தால், அது முனையின் இருமடியில், அதாவது (L/2)²இல், மூன்றில் ஒரு பங்காக இருக்கும். எனவே நடு அச்சைப் பற்றிய நிலைமத் திருப்புத்திறன் ML²/12. இதையே வேறு விதமாகவும் சொல்லலாம்: வில்லைப் பொறுத்தவரை, அதன் நுனியில் M/3 நிறையுள்ள சிறு குண்டு ஒன்று கட்டப்பட்டதும் முழுக் கோலும் ஒன்றுதான்.

திருப்பு விசையை நிலைமத் திருப்புத்திறனால் வகுத்தால் கோண முடுக்கம் கிடைக்கும்: kL²θ/4ஐ ML²/12ஆல் வகுக்க (3k/M)θ வருகிறது, எப்போதும் நடுநிலையை நோக்கியே. கோணத்துக்கு நேர்விகிதத்தில், எதிர்த்திசையில் அமையும் முடுக்கம் தனிச் சீரிசை இயக்கத்தின் அடையாளம். ஆகவே

f = (1/2π) √(3k/M)

காணாமல் போனது நீளம். நீண்ட கோலில் வில்லின் திருப்பு விசை நீளத்தின் இருமடியாகக் கூடுகிறது. கோலின் எதிர்ப்பும் அதே இருமடியாகக் கூடுகிறது. இரண்டும் ஒன்றையொன்று நீக்கிவிடுகின்றன. அரை மீட்டர் கோலும் இரண்டு மீட்டர் கோலும் ஒரே நிறையில் இருந்து, ஒரே வில்லில் கட்டப்பட்டால் ஒரே வேகத்தில்தான் ஆடும். ஈர்ப்பு முடுக்கமும் விடையில் இல்லை. அச்சு நிறை மையத்தின் வழியாகவே செல்வதால் கோலின் எடைக்கு அதைத் திருப்பும் வழியே கிடையாது. அதே கோலைக் கிடைமட்டத் தளத்தில் படுக்கவைத்து ஆட்டினாலும் அதே எண்தான் வரும்.

பாடநூல் வாய்ப்பாடுகளை மனப்பாடம் செய்தவர்கள் பெரும்பாலும் சறுக்கும் இடம் நிலைமத் திருப்புத்திறன். ML²/3 என்பது முனையில் அச்சு உள்ள கோலுக்கானது. அதை இங்கே கொண்டுவந்து போட்டால் விடை சரியாகப் பாதியாகக் குறைந்துவிடும். கணக்கிட்ட அதிர்வெண் அளந்ததில் பாதியாக வந்தால் வேறெங்கும் தேட வேண்டியதில்லை. இரு முனைகளிலும் ஒவ்வொரு வில் இருந்தால் திருப்பு விசை இரட்டிப்பாகி, 3kக்குப் பதில் 6k வரும், ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வில் 2009இல் கேட்கப்பட்டது இந்த வடிவம்தான்.

அச்சு சரியாக நடுவில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது, நடுவில் இருக்கும் கணக்கைவிடச் சுவையானது. வில் உள்ள முனையிலிருந்து விலகி, மறுமுனையை நோக்கி அச்சை a தொலைவு நகர்த்துவதாகக் கொள்வோம். வில்லின் கை L/2 + a ஆக நீள்கிறது; நிலைமத் திருப்புத்திறனோ M(L²/12 + a²) ஆகிறது. முதலில் கை நீள்வதே வேகமாக நடக்கிறது; a² மிகச் சிறியது என்பதால் எதிர்ப்பு மெதுவாகவே கூடுகிறது. ஆகவே அதிர்வெண் ஏறுகிறது. a என்பது L/6 ஆகும்போது, அதாவது வில்லிலிருந்து கோலின் மூன்றில் இரண்டு பங்குத் தொலைவில் அச்சு இருக்கும்போது, 3k/M என்பது 4k/M ஆகி உச்சத்தைத் தொடுகிறது. அதைத் தாண்டினால் இறங்கத் தொடங்கி, அச்சு மறுமுனைக்கே போய்ச் சேரும்போது மறுபடியும் 3k/M! நடுவில் அச்சு, கடைசியில் அச்சு, இரண்டுக்கும் ஒரே அதிர்வெண். பார்த்தால் எளிதில் நம்ப முடியாத முடிவு. எண்களைப் போட்டுப் பார்த்தவர்கள் மட்டுமே ஏற்பார்கள்.

உச்சம் அந்த இடத்தில் வருவது தற்செயலல்ல. வழவழப்பான மேசையில் கிடக்கும் கோலின் ஒரு முனையைப் பக்கவாட்டில் தட்டினால், தட்டிய கணத்தில் கோலின் ஒரே ஒரு புள்ளி மட்டும் அசையாமல் நிற்கும். அந்தப் புள்ளி தட்டிய முனையிலிருந்து மூன்றில் இரண்டு பங்குத் தொலைவில் இருக்கிறது. அங்கே அச்சைச் செருகினால் வில்லின் இழுப்பை அச்சு எதிர்க்க வேண்டியதே இல்லை; கோல் தானாக எப்படித் திரும்புமோ அப்படியே திரும்புகிறது. வேறெங்கு அச்சு இருந்தாலும் அது கோலைக் கட்டாயப்படுத்தி இன்னொரு வழியில் திருப்புகிறது. அதனால் இயக்கம் மந்தப்படுகிறது.

இதில் செய்முறைக்கான எச்சரிக்கை ஒன்றும் இருக்கிறது. நடுப்புள்ளி உச்சம் அல்ல, ஏறும் சரிவில் உள்ள இடம். எனவே துளை சற்று விலகினாலும் விடை நகரும்: ஒரு மீட்டர் கோலில் ஒரு சென்டிமீட்டர் விலகினால் அதிர்வெண் ஏறக்குறைய 2 விழுக்காடு மாறிவிடும். வில்லை மாட்டுமுன் கோலை அச்சில் விட்டுப் பார்ப்பதே சோதனை. சரியாகத் துளையிட்ட கோல் எந்தச் சாய்வில் விட்டாலும் அங்கேயே நிற்கும். ஒரு பக்கம் இறங்கினால் துளை நீளவாக்கில் விலகியிருக்கிறது. எப்படி விட்டாலும் கிடைமட்டத்துக்கே திரும்பினால் துளை நிறை மையத்துக்கு மேலே இருக்கிறது.

ஒரு கணக்கை முழுதாகச் செய்து பார்க்கலாம். ஒரு மீட்டர் நீளம், 600 கிராம் நிறையுள்ள கோல். சுருள் மாறிலி மீட்டருக்கு 20 நியூட்டன். 3 × 20 ÷ 0.6 = 100; அதன் வர்க்கமூலம் 10. எனவே கோண அதிர்வெண் நொடிக்கு 10 ரேடியன், அதிர்வெண் 1.59 ஹெர்ட்ஸ், அலைவு நேரம் 0.628 நொடி. இருபது அலைவுகளுக்கு 12.6 நொடி.

ஆனால் ஆய்வுக்கூடத்தில் இதை அப்படியே செய்ய முடியாது. கோல் அச்சில் சமநிலையில் நிற்பதால் வில்லில் இழுப்பே இல்லை. முனை மேலேறும் ஒவ்வொரு முறையும் வில் அமுங்க வேண்டும். பெரும்பாலான இழுவில்கள் அமுங்கா, தளர்ந்து வளைந்துவிடும். அதனால் வில் உள்ள முனையிலேயே 100 கிராம் எடையொன்றை இறுக்கமாகப் பொருத்துவது வழக்கம். அது வில்லை 4.9 சென்டிமீட்டர் நீட்டி வைக்கிறது. கோல் கிடைமட்டமாகும் வரை தாங்கியை உயர்த்திக்கொள்ளலாம். இப்படி முன்கூட்டியே நீண்டிருப்பது வில்லின் விறைப்பைக் கூட்டுமோ என்ற ஐயம் எழும். கூட்டாது. எடையின் திருப்பு விசையும் அந்த நீட்சியின் திருப்பு விசையும் கிடைமட்ட நிலையில் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. சிறு கோணங்களில் இரண்டும் மாறுவதும் இல்லை.

எடை தன் நிறையை மட்டும் கூட்டுகிறது, அதுவும் மும்மடங்காக. கோலின் நிறையில் மூன்றில் ஒரு பங்குதான் முனையில் இருப்பதாகக் கணக்கு. ஆனால் எடையோ முழுவதும் முனையிலேயே இருக்கிறது. வில்லின் சொந்த நிறையும் சேர வேண்டும். நுனி ஆட, தாங்கிப் பக்கம் அசையாதிருப்பதால், வில்லின் நிறையில் மூன்றில் ஒரு பங்கு நுனியில் இருப்பதாகக் கொள்ளலாம் என்பது ஆற்றலைக் கொண்டு ரேலி காட்டிய வழி. கோலுக்கும் அதே மூன்றில் ஒரு பங்குதான் என்பதால், வில்லின் நிறை கோலின் நிறையோடு நேரடியாகக் கூடிவிடுகிறது. வில் 30 கிராம் என்றால், சூத்திரத்தில் Mக்குப் பதில் 0.6 + 0.03 + 0.3 = 0.93 கிலோகிராம். கோண அதிர்வெண் 8.03, அலைவு நேரம் 0.782 நொடி, இருபது அலைவுகளுக்கு 15.6 நொடி. எடையை மறந்தவர் மூன்று நொடி தவறுவார். வில்லின் நிறையை மறந்தவர் கால் நொடிதான் தவறுவார். ஆனால் அந்தக் கால் நொடி எப்போதும் ஒரே பக்கமாக வருவதால், கைத்தடுமாற்றம் என்று ஒதுக்க முடியாது.

சிறு கோணம் என்றால் எவ்வளவு சிறியது? வில் நீளமானதாக இருந்து எப்போதும் செங்குத்தாகவே இழுத்தால், முனை ஏறும் உயரம் sin θவுக்கு ஏற்பவும், திருப்பும் கை cos θவுக்கு ஏற்பவும் அமைகின்றன. இரண்டும் பெருகி, திருப்பு விசை sin 2θ வடிவில் வருகிறது. அதாவது இந்தக் கோல் θ கோணத்தில் ஆடும்போது காட்டும் விலகல், ஊசல் அதன் இருமடங்குக் கோணத்தில் ஆடும்போது காட்டும் விலகலே. 10 பாகை வீச்சில் அலைவு நேரம் 0.77 விழுக்காடு கூடும். 20 பாகையில் 3 விழுக்காட்டைத் தாண்டும். ஊசலுக்குப் பழகிய கண்ணுக்குப் போதுமான அளவு சிறியதாகத் தோன்றும் கோணம் இங்கே போதாது.

மேலே சொன்ன அமைப்பில் அந்த எல்லைக்கு முன்பே வில் தடுத்துவிடுகிறது. முனை 4.9 சென்டிமீட்டருக்கு மேல் ஏறினால் வில் தளர்ந்துவிடும். ஒரு மீட்டர் கோலில் அது 5.6 பாகைதான். தளர்ந்தால் சுருள்கள் ஒன்றோடொன்று மோதும் ஓசை கேட்கும், கோலும் மேல் பக்கத்தில் சற்றே தயங்கும். வீச்சை 5 பாகைக்குள் வைத்தால் கோணத்தால் வரும் பிழை 0.2 விழுக்காடு, இருபது அலைவுகளில் நூற்றில் மூன்று நொடி. கையால் நிறுத்தும் கடிகாரத்தில் அது தெரியாது.