மின்சார பல்துலக்கி: படத்தை வைத்து மாற்று பிரஷ் தேர்வது எப்படி?

மின்சார பல்துலக்கியின் பிரஷ் பகுதியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அதற்குள் அட்டைப்பெட்டி குப்பைக்குப் போயிருக்கும். கையில் இருப்பது கைப்பிடியின் படம் மட்டுமே. அந்தப் படத்தில் எல்லோரும் முதலில் பார்ப்பது நிறத்தையும் பொத்தானையும்தான். இரண்டும் அதிகம் உதவாது. ஒரே கைப்பிடி பல பெயர்களில், பல நிறங்களில் விற்கப்படுகிறது. பிரஷ்ஷின் அடியில் உள்ள வண்ண வளையமும் அப்படியே: வீட்டில் பலர் பயன்படுத்தும்போது எது யாருடையது என்று தெரிவதற்காக வைத்தது அது.

பிரஷ்ஷைக் கழற்றிவிட்டு, மேலே நீட்டிக்கொண்டிருக்கும் தண்டைப் பக்கவாட்டில் எடுத்த படம்தான் விஷயத்தைச் சொல்லும். வட்டமான சிறிய பிரஷ், மெல்லிய உலோகத் தண்டு, தண்டின் ஒரு பக்கம் மட்டும் தட்டை என்றால் அது பெரும்பாலும் ஓரல்-பியின் வழக்கமான வகை. இந்த வகைக்கான வட்ட பிரஷ்களில் எதை வாங்கினாலும் பொருந்தும்; இழையின் மென்மையும் அமைப்பும்தான் வேறு. ஆனால் அதே நிறுவனம் 2020இல் கொண்டுவந்த ஐஓ வரிசையின் பிரஷ்ஷும் வட்டமே. அதன் இணைப்பு வேறு. ஒன்றின் பிரஷ் மற்றதில் ஏறாது. பிரஷ் மாட்டிய நிலையில் எடுத்த படத்தில் இந்த இரண்டையும் பிரிப்பது சிரமம்.

பிரஷ் நீளவாக்கில், சாதாரண பிரஷ்போல இருந்தால் பிலிப்ஸ் சோனிகேர் ஆக இருக்கலாம். இதிலும் இரண்டு விதம் உண்டு. பழைய கைப்பிடிகள் சிலவற்றின் மேல்முனையில் திருகு மரை தெரியும். அவற்றுக்குத் திருகி மாட்டும் பிரஷ்தான் வேண்டும். மரை இல்லாமல் வழவழப்பாக இருந்தால் அழுத்தி மாட்டும் வகை. இந்த வகையில் பிரஷ்ஷுக்கும் கைப்பிடிக்கும் நடுவே மெல்லிய இடைவெளி தெரிவது இயல்பு. அதிர்வதற்கு அந்த இடம் தேவை. சரியாக மாட்டவில்லையோ என்று இன்னும் அழுத்த வேண்டியதில்லை.

சந்தேகம் தீர, கைப்பிடியின் அடிப்பாகத்தையும் படமெடுக்க வேண்டும். சோனிகேரில் HX என்று தொடங்கும் எண்ணும், ஓரல்-பியில் Type என்ற சொல்லுக்குப் பின் நான்கு இலக்க எண்ணும் இருக்கும். பற்பசை படிந்து எழுத்து மறைந்திருந்தால் ஈரத்துணியால் துடைத்து, டார்ச் ஒளியைப் பக்கவாட்டிலிருந்து சாய்வாக அடித்தால் தெளியும். சார்ஜரின் அடியிலும் ஓர் எண் உண்டு. அது சார்ஜருக்கானது, அதை வைத்துத் தேடினால் தவறான பிரஷ் வந்து சேரும்.

வாங்கிய பிரஷ்ஷை மாட்டியதும், அணைத்த நிலையிலேயே மெல்ல இழுத்துப் பார்க்கலாம். கையோடு கழன்று வந்தாலோ, ஓடும்போது கடகடவென்று சத்தம் வந்தாலோ, மோட்டார் ஓடியும் இழைகள் அசையாவிட்டாலோ அது பொருந்தவில்லை. வலிந்து அழுத்தினால் தண்டுதான் பழுதாகும்.