கட்டம் காட்டிக்கொடுக்கும் கணக்கு

602-இலிருந்து 247-ஐக் கழித்தால் 355 வரும். ஆனால் 445 என்ற விடையும் கணக்கு நோட்டுகளைத் திருத்துகிற ஆசிரியர்களுக்கு நன்றாகவே பழக்கம். கடன் வாங்கிக் கழிப்பது பிடிபடாத பிள்ளை, ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழித்துவிடுகிறது. 7-இல் 2 போனால் 5, 4-இல் 0 போனால் 4, 6-இல் 2 போனால் 4. எந்தப் படியிலும் தடங்கல் வராததால், தப்பாகச் செய்கிறோம் என்ற சந்தேகம் அந்தப் பிள்ளைக்கு எழுவதே இல்லை. நோட்டு ஆசிரியரின் மேசைக்குப் போய், ஒன்றிரண்டு நாள் கழித்துச் சிவப்புக் குறியோடு திரும்பும்போது, அந்தக் கணக்கை எப்படிப் போட்டோம் என்பதே மறந்திருக்கும்.

இந்த இடைவெளியைச் சில நிமிடங்களாகக் குறைக்கும் பயிற்சித்தாள் ஒன்று உண்டு. குறுக்கெழுத்துப் போட்டியைப் போலவே கட்டங்கள், இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் என்று குறிப்புகள். எழுத்துக்குப் பதில் கட்டத்துக்கு ஓர் இலக்கம் எழுத வேண்டும், அவ்வளவுதான். குறுக்கெண் புதிர் என்று இதைச் சொல்லலாம். மூன்றுக்கு மூன்று என ஒன்பது கட்டங்கள் கொண்ட ஒரு தாளை எடுத்துக்கொள்வோம். மேல் வரிசைக் கட்டங்களில் 1, 2, 3 என்றும், இரண்டாம், மூன்றாம் வரிசைகளின் முதல் கட்டங்களில் 4, 5 என்றும் மூலையில் சிறிதாக எண் இட்டிருக்கும்.

இடமிருந்து வலம்: 1. 602 − 247, 4. 2142 ÷ 7, 5. 23 × 24.

மேலிருந்து கீழ்: 1. 67 × 5, 2. 2525-இல் 20 சதவீதம், 3. 189 + 373.

ஆறும் சரியாக வந்தால் கட்டம் இப்படி நிரம்பும்:

3 5 5
3 0 6
5 5 2

இப்போது அந்த 445-ஐ மேல் வரிசையில் எழுதிப் பார்க்கலாம். மூன்று கட்டம், மூன்று இலக்கம். இதுவரை எந்தத் தகராறும் இல்லை. அடுத்து, மேலிருந்து கீழாக 67-ஐ 5-ஆல் பெருக்கினால் 335. முதல் கட்டத்தில் 3 வர வேண்டும், அங்கே ஏற்கெனவே 4 உட்கார்ந்திருக்கிறது. இரண்டு விடையில் ஒன்று தப்பு என்பது மட்டும் இப்போது தெரிகிறது. பிள்ளை பெருக்கலை மறுபடி போடுகிறது, மறுபடியும் 335. அடுத்து 2525-இல் 20 சதவீதம் 505 என்று வருகிறது. மேல் வரிசையின் இரண்டாம் கட்டத்திலும் மோதல்: 5 வர வேண்டிய இடத்தில் 4. இரண்டு மோதல்களும் ஒரே வரிசையில் இருப்பதால், சந்தேகம் அந்த வரிசையின் மேல்தான் விழும். இரண்டு நெடுவரிசைகளும் சேர்ந்து தப்பாக இருப்பதைவிட, இரண்டிலும் இடிக்கிற ஒரு குறுக்குவரிசை தப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம். யாரும் சிவப்பு மை தொடவில்லை. ஆனாலும் ஆறு கணக்கில் எதை மறுபடி போட வேண்டும் என்பது பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறது.

மூன்றாம் கட்டத்தில் மட்டும் மோதல் வராது. 12-இல் 7 போனாலும் 5, 7-இல் 2 போனாலும் 5. ஒன்றாம் இடத்தில் சரியான விடையும் தப்பான விடையும் இங்கே ஒன்றுபோலவே இருக்கின்றன. தப்பு எந்த இலக்கத்தில் வெளிப்படுகிறதோ அந்த இலக்கத்தில் வேறொரு விடை குறுக்கே போக வேண்டும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

கூட்டல் கழித்தலைச் சரிபார்க்க ஒன்பது நீக்கும் முறை என்று ஒரு பழைய வழி இருக்கிறது. எண்ணின் இலக்கங்களைக் கூட்டிக்கொண்டே போய் ஒற்றை இலக்கமாக்கிப் பார்ப்பது. 602 என்பது 8, 247 என்பது 4, கழித்தால் 4. சரியான விடையான 355-இன் இலக்கங்களைக் கூட்டினால் 13, அதாவது 4. தப்பான 445-ஐக் கூட்டினாலும் அதே 13, அதே 4. இரண்டுக்கும் இடையில் உள்ள வித்தியாசம் 90, ஒன்பதின் மடங்கு. ஆகவே அந்த முறையில் இந்தத் தப்பு நழுவிவிடுகிறது. குறுக்கெண் கட்டம் கூட்டுத்தொகையைப் பார்ப்பதில்லை. ஒவ்வோர் இடத்திலும் எந்த இலக்கம் இருக்கிறது என்று பார்க்கிறது. குறுக்கே போகும் விடை சரியாக இருந்தால், மாறிப்போன இலக்கம் அங்கே கட்டாயம் மோதியே தீரும்.

தப்பு தானாகவே வெளிப்படும்படி கருவியை அமைக்க வேண்டும் என்பது மரியா மாண்டிசோரியின் கல்வி முறையில் ஓர் அடிப்படை விதி. ஒரு மரக்கட்டையில் பத்து குழிகள், அளவு மாறிக்கொண்டே போகும் பத்து உருளைகள். ஒன்றைத் தப்பான குழியில் வைத்தால், கடைசியில் ஓர் உருளை எந்தக் குழியிலும் பொருந்தாமல் கையில் நிற்கும். குழந்தை பெரியவர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. 1939-இல் அவர் அடையாறு தியசாபிகல் சொசைட்டிக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தபோது இந்தக் கருவிகள் சென்னைக்கும் நெருக்கமாயின. அந்த விதி எண்களுக்கும் பொருந்தும் என்பதற்குக் குறுக்கெண் புதிர் ஒரு சான்று.

வகுத்தலில் நடப்பது இன்னும் சுவையானது. 2142-ஐ 7-ஆல் வகுக்கும்போது 21-இல் மூன்று முறை போகும். அடுத்த 4-ஐ இறக்கினால் 7 அதில் போகாது. அங்கே விடையில் 0 போட்டுவிட்டுத்தான் 2-ஐ இறக்க வேண்டும். அந்த 0-வை விட்டவர்களுக்கு 36 கிடைக்கும். கட்டமோ மூன்று, கையில் இருப்பதோ இரண்டு இலக்கம். சாதாரண நோட்டில் இந்த 36 நிம்மதியாக உட்கார்ந்திருக்கும். இங்கே காலிக் கட்டம் கேள்வி கேட்கிறது. சில பிள்ளைகள் அந்தக் காலியை அடைக்கக் கடைசியில் ஒரு 0 சேர்த்து 360 ஆக்கிவிடுவார்கள். அப்போது நடுக்கட்டத்தில் 505-இன் 0 வந்து 6-உடன் மோதும், கடைசிக் கட்டத்தில் 562-இன் 6 வந்து 0-உடன் மோதும். 0-வின் இடம் நடுவில்தான் என்பதைக் கட்டமே சொல்லிவிடும்.

இவ்வளவும் எல்லாக் கட்டங்களும் இரண்டு விடைகளுக்குப் பொதுவாக இருந்தால்தான் நடக்கும். அழகுக்காகக் கறுப்புக் கட்டம் போடும்போது தாளின் திறன் குறைந்துவிடுகிறது. மேலே சொன்ன புதிரின் நடுக்கட்டத்தை மட்டும் கறுப்பாக்கிவிட்டால், ஓரத்தில் உள்ள நான்கு விடைகளே மிஞ்சும். அவற்றின் நடு இலக்கங்களைக் குறுக்கே எதுவும் தொடாது. 67 × 5-இல் மனதில் வைத்த 3-ஐக் கூட்ட மறந்து 305 என்று எழுதியவர், முதல் இலக்கமும் கடைசி இலக்கமும் சரியாகப் பொருந்தியதைப் பார்த்துத் திருப்தியோடு தாளைக் கொடுத்துவிடுவார். முழுக்கட்டமாக இருந்தாலோ, 2142-ஐ வகுக்கத் தொடங்கும் முன்பே அந்த 305 மாட்டிக்கொள்ளும். இரண்டாம் குறுக்குவரிசை 0-வில் தொடங்குவதாகிவிடும், எந்த விடையும் 0-வில் தொடங்காது என்பது இந்தப் புதிரின் விதி.

வார இதழ்களின் குறுக்கெழுத்துப் போட்டியில் கறுப்புக் கட்டங்கள் இவ்வளவு கெடுதல் செய்வதில்லை. குறுக்கே எதுவும் போகாத எழுத்தையும் சொல்லின் பொருளை வைத்து உறுதிப்படுத்திக்கொள்ளலாம். எண்ணுக்கு அந்த வசதி இல்லை. 3-க்கும் 5-க்கும் நடுவில் எந்த இலக்கத்தைப் போட்டாலும் அதுவும் ஓர் எண்தான். ஆகையால் கணக்குத் தாளுக்குக் கறுப்புக் கட்டம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

கட்டம் முழுக்க நிறைந்திருந்தாலும் தப்பு ஒளிந்துகொள்ள ஓர் இடம் உண்டு. 67 × 5-க்குப் பதில், அதே 335 வரும்படி 612 − 277 என்று குறிப்புக் கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். கடன் வாங்கத் தெரியாத பிள்ளை இதையும் பழைய வழியிலேயே கழித்து 465 என்று எழுதும். மேல் வரிசையில் 445, நெடுவரிசையில் 465; இரண்டும் சந்திக்கும் மூலையில் 4-உம் 4-உம் ஒத்துப்போகின்றன. ஒரே பழக்கத்திலிருந்து வந்த இரண்டு தப்புகள் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லிவிட்டன. இதனால்தான் கழித்தலுக்குக் குறுக்கே கழித்தலைப் போடாமல், பெருக்கலையோ கூட்டலையோ போட வேண்டும் என்கிறோம்.

இன்னொரு குறையையும் ஆசிரியர் கவனிக்க வேண்டும். மூன்று நெடுவரிசைகளையும் போட்டு முடித்தவருக்கு மூன்று குறுக்குவரிசைகளும் தாமாகவே நிரம்பிவிடும். வகுத்தலே தெரியாதவரின் தாளிலும் 306 அழகாக இருக்கும். மோதல் வந்ததும் கணக்கை மறுபடி போடாமல், 445-ஐ அழித்து 355 என்று மாற்றி எழுதிவிடுவதும் நடக்கும். பிரிட்டனில் யுகேஎம்டி என்ற கணித அறக்கட்டளை நடத்தும் பள்ளி அணிகளுக்கான போட்டியில் குறுக்கெண் சுற்று ஒன்று இருக்கிறது. நான்கு பேர் கொண்ட அணி இரண்டு இணைகளாகப் பிரியும். ஓர் இணையிடம் இடமிருந்து வலக் குறிப்புகள் மட்டும், மற்றதிடம் மேலிருந்து கீழ்க் குறிப்புகள் மட்டும். இந்த ஏற்பாட்டை வகுப்பறையில் இரண்டு பேருக்கு இடையே எளிதாகச் செய்யலாம். ஒருவர் கையில் குறுக்குக் குறிப்புகள், அடுத்தவர் கையில் நெடுக்குக் குறிப்புகள். இருவரும் தனித்தனித் தாளில் செய்முறையோடு ஆறு நிமிடம் கணக்குப் போட்டுவிட்டு, பிறகு ஒரே கட்டத்தில் எழுத வேண்டும். மோதல் வந்தால் இருவருமே தத்தம் செய்முறையை எடுத்துக்காட்டிப் பேசித்தான் ஆக வேண்டும்.

புதிரை உருவாக்குவது கடினமில்லை. முதலில் விடைகளைக் கட்டத்தில் நிரப்பிவிட்டு, அதன்பிறகு அந்த விடை வரும்படி கணக்கை அமைக்க வேண்டும். பிள்ளைகள் வழுக்கும் கணக்குகளை முதலில் இடமிருந்து வலமாக வைத்துவிட்டால், நெடுவரிசை எண்கள் தாமாக அமைந்துவிடும். 306-ஐ மேல் வரிசையில் வைத்தால் நடு நெடுவரிசை 0-வில் தொடங்கும். அதனால்தான் அது இரண்டாம் வரிசைக்கு இறங்கியது.

அச்சுக்குப் போகும் முன் இரண்டு சோதனைகள் வேண்டும். குறிப்புகளை மட்டும் வேறொருவரிடம் கொடுத்துப் போடச் சொல்வது முதலாவது. ஒரு குறிப்பில் இலக்கம் மாறி அச்சானால், சரியாகப் போட்ட பிள்ளை தன் விடையைத்தான் அழிக்கும். இரண்டாவதை ஆசிரியரே செய்ய வேண்டும்: 445, 36, 305, கூட்டலில் மிச்சத்தை மறந்தால் வரும் 452, பெருக்கலில் இரண்டாம் வரியை ஓர் இடம் தள்ளாமல் எழுதினால் வரும் 138 என்று வகுப்பில் வழக்கமாக வரும் தப்பு விடைகளை ஒவ்வொன்றாகக் கட்டத்தில் எழுதி, எங்கே மோதுகிறது என்று பார்ப்பது. எங்கும் மோதாமல் ஒன்று உட்கார்ந்துவிட்டால், அதற்குக் குறுக்கே போகும் குறிப்பை மாற்ற வேண்டும்.